“நேத்து ராத்திரி எங்கே படுத்தீங்க?” – கட்டி முடித்த 12 வீடுகளுக்குத் திரும்பப் போன அனுபவம்

கட்டடம் திருச்சியில் இருக்கிறது. தரையில் கார் நிறுத்தம், அதற்கு மேல் 3 மாடி, மாடிக்கு 4 வீடு, மொத்தம் 12 வீடுகள். வரைபடம் என்னுடையது. 2022 ஆவணியில் தொடங்கி ஒவ்வொரு குடும்பமாகப் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். கடைசிச் சாவியைக் கொடுத்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். பூட்டு சரியில்லை, சுவரில் கீறல் என்றால் கட்டுநருக்குப் போன் போகும். வீடு வாழ்வதற்கு எப்படி இருக்கிறது என்று வரைந்தவரிடம் யாரும் வந்து சொல்வதில்லை, வரைந்தவரும் போய்க் கேட்பதில்லை.

2024 சித்திரையில் அதே கட்டுநர் அடுத்த தெருவில் இன்னொரு 12 வீட்டுக்கு வரைபடம் கேட்டார். “அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கொடுங்க மேடம், போதும்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதல் கட்டடத்தில் எது சரியாக இருக்கிறது, எது சரியில்லை என்று தெரியாமல் அதையே இன்னொரு முறை கட்டுவது எப்படி? ஒரு மாதம் அவகாசம் வாங்கிக்கொண்டு, குடியேறிய பின் மதிப்பீடு என்று பாடத்தில் படித்ததை முதல் தடவையாக நானே செய்து பார்த்தேன். ஒரு கோடை, இரண்டு மழைக்காலம் கடந்து, இரண்டாவது கோடையும் நடந்துகொண்டிருந்ததால் நேரமும் சரியாக அமைந்தது. குடியேறி ஓராண்டு முடிவதற்குள் போனால், ஒரு முழுச் சுற்றுப் பருவத்தை வீடு இன்னும் பார்த்திருக்காது. புது வீட்டு மகிழ்ச்சியும் ஆறியிருக்காது.

இது புதிய யோசனை அல்ல. பிரிட்டனின் ராயல் கட்டடக் கலைஞர் கழகம் 1963ல் வெளியிட்ட பணித் திட்டத்தில் கடைசிக் கட்டமாகப் ‘பின்னூட்டம்’ என்று ஒன்று இருந்தது. அதற்குக் கூலி கொடுக்க எந்த வாடிக்கையாளரும் முன்வராததால் 1972ல் அதை எடுத்துவிட்டார்கள். என் விஷயத்திலும் கூலி கிடையாது. அடுத்த வரைபடத்துக்கான வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

முதல் வாரம்: படிவம் தோற்றது

20 கேள்விகள் வைத்து ஒரு படிவம் தயாரித்தேன். வெளிச்சம், காற்று, வெப்பம், சத்தம், தண்ணீர், சமையலறை என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அலுவலகக் கட்டடங்களை ஆராய்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் 7 புள்ளி அளவுகோல்தான் இது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 12 வீட்டில் 7 வீட்டிலிருந்து பதில் வந்தது. எல்லாமே 5, 6. கருத்து எழுதச் சொன்ன இடத்தில் இரண்டு பேர் ‘நன்றாக உள்ளது’ என்று எழுதியிருந்தார்கள், மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு ஒரு கோடு கூட என்னால் மாற்ற முடியாது. நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்யும் கட்டடத்தில் இப்படிக் கேட்டால் சராசரிக்கு அர்த்தம் உண்டு, பழைய கட்டடங்களோடு ஒப்பிடலாம். 12 வீட்டில் சராசரி எதையும் காட்டாது. இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. படிவத்தை நிரப்பிய 7 பேரில் 6 பேர் ஆண்கள், பகல் முழுக்க வீட்டில் இல்லாதவர்கள். சமையலறைக் காற்றோட்டத்துக்கு 6 போட்டவர் அந்தச் சமையலறையில் நின்று ஒரு தோசைகூட வார்த்ததில்லை என்று அவர் மனைவியே சொன்னார். அப்புறம் பயம் ஒன்றும் இருந்தது. வீட்டில் குறை இருப்பதாக எழுத்தில் போனால் நாளைக்கு விற்கும்போது விலை இறங்கிவிடுமோ என்ற நியாயமான பயம்.

அதனால் படிவத்தை ஓரமாக வைத்தேன். ஒவ்வொரு வீட்டின் தரைப்படத்தையும் ஏ3 தாளில் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். நேரம் காலை 11 மணி. சமையல் முடிந்து வீட்டுப் பெண்கள் உட்காரும் நேரம் அது. செயலாளர் கூடவே வருவதாகச் சொன்னார். வேண்டாம் சார் என்று பணிவாகச் சொல்லிவிட்டேன். அவர் இருந்தால் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றித்தான் பேச்சு ஓடும். கையில் இரண்டு நோட்டு வைத்திருந்தேன். குழாய் ஒழுகுகிறது, கதவு பிடிக்கிறது மாதிரியான பழுதெல்லாம் ஒன்றில். கட்டுமானப் பழுதுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 5 ஆண்டு வரை கட்டுநர் பொறுப்பு என்பதால் அந்த நோட்டு நேராக அவருக்குப் போகும். வரைபடத்தால் வந்த சிக்கல்கள் மட்டும் இன்னொன்றில். இப்படிப் பிரிக்காமல் போனால் முதல் வீட்டிலேயே ஒழுகும் குழாய் மொத்த நேரத்தையும் தின்றுவிடும். அறிக்கையில் யார் பெயரும் வீட்டு எண்ணும் வராது என்று ஒவ்வொரு வாசலிலும் முதலிலேயே சொன்னேன்.

சோபாவுக்குப் பின்னால் இருந்த மெத்தை

மூன்றாம் மாடியில் ஓர் அக்கா. படிவத்தில் வெப்பத்துக்கு 5 போட்டிருந்த வீடு. மோர் கொடுத்து உட்கார வைத்தார். “வெக்கை எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டேன். “வெயில் காலம்னா வெக்கையாத்தானே இருக்கும்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

தரைப்படத்தில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். கூடத்தில் சோபா சுவரை ஒட்டாமல் ஓர் அடி தள்ளியிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தேன். இரண்டு மெத்தைகள் சுருட்டி, பழைய புடவையால் கட்டி, நிறுத்தி வைத்திருந்தார்கள். விருந்தாளிகளுக்கான மெத்தை என்று நினைத்தேன். மேல் மெத்தையின் மடிப்பில் ஒரு குழந்தையின் தலையணை உறை நீட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து ராத்திரி எங்கேக்கா படுத்தீங்க?”

“இங்கேதான், கூடத்துல. சித்திரை பொறந்ததுலேர்ந்து ஆனி முடியற வரைக்கும் நாலு பேரும் இங்கேதான். பெட்ரூம்ல பேன் போட்டா அனல்காத்து இறங்குது, பிள்ளைங்க தூங்காதுங்க.”

இரண்டு படுக்கையறைகளை மூன்று மாதம் பயன்படுத்த முடியாத வீட்டுக்கு அவர் 7க்கு 5 கொடுத்திருக்கிறார். பொய் சொல்லவில்லை. திருச்சி வெயிலை அவர் கட்டடத்தின் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் மனிதர்கள் தங்களைப் பழக்கிக்கொண்ட பிறகு மிச்சமிருப்பதைத்தான் சொல்கிறார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எதற்குப் பழக்கிக்கொண்டார்கள் என்பது வெளியே வருகிறது.

அன்றிலிருந்து மூன்று கேள்விகள் மட்டும் வைத்துக்கொண்டேன். நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள்? வீட்டில் எந்தக் கதவை, எந்த ஜன்னலை எப்போதும் மூடியே வைக்கிறீர்கள்? குடிவந்த பிறகு வாங்கி மாட்டியது, ஒட்டியது என்ன? மூன்றாம் மாடியில் இருக்கும் 4 வீட்டில் 3 வீட்டார் கூடத்தில் படுக்கிறார்கள். நான்காவது வீட்டார் ஏசி வாங்கிவிட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒரு வீடு. முதல் மாடியில் யாரும் இல்லை. ஆக, சிக்கல் மேலிருந்து வருகிறது. ஆனால் அது மட்டும்தானா என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரே மொட்டைமாடிக்குக் கீழேதானே கூடமும் இருக்கிறது, அங்கே மட்டும் ஏன் தூங்க முடிகிறது?

அளவு எடுத்த இரண்டு வாரம்

தீப்பெட்டி அளவில், தானே வெப்பநிலையைப் பதிவு செய்துகொள்ளும் கருவிகள் 8, தெரிந்த ஒருவர் மூலம் கடனாகக் கிடைத்தன. எடுத்தவுடன் வீடுகளில் வைத்துவிடக் கூடாது. முதல் ராத்திரி எட்டையும் என் அலுவலக மேஜையில் ஒன்றாகப் பரப்பி வைத்தேன். காலையில் பார்த்தால் 7 கருவிகள் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின, ஒன்று மட்டும் 0.8 டிகிரி கூட. அதன் முதுகில் ஒரு துண்டு டேப் ஒட்டி ‘0.8 கழிக்க’ என்று எழுதிக்கொண்டேன். இதைச் செய்யாமல் விட்டிருந்தால், அந்தக் கருவி போன அறைதான் கட்டடத்திலேயே சூடான அறை என்று முடிவு கட்டியிருப்பேன்.

வைக்கும் இடமும் முக்கியம். வெளிச்சுவரில் ஒட்டினால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். பிரிட்ஜ், டிவி பக்கத்திலும் கூடாது. உட்சுவரில், கட்டிலில் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து ஒட்டினேன். மூன்றாம் மாடியில் இரண்டு வீடுகளின் படுக்கையறையும் கூடமும், முதல் மாடியில் ஒரு வீட்டின் படுக்கையறையும் கூடமும் என்று ஆறு போயின. ஒன்றை வெளியே, மாடிப்படி வடக்கு ஜன்னலின் நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டேன். எட்டாவது அவசரத்துக்கு. 15 நிமிடத்துக்கு ஓர் அளவு. கூடவே குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, ராத்திரி ஜன்னல் திறந்திருந்ததா, பேன் ஓடியதா என்று ஒரு டிக் மட்டும் போடச் சொன்னேன். ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பையன் அதை ஏற்றுக்கொண்டு ஒருநாள்கூடத் தவறாமல் எழுதினான்.

ஒரு வழக்கமான நாளைச் சொல்கிறேன். ராத்திரி 9 மணிக்கு வெளியே 32 டிகிரி. முதல் மாடிப் படுக்கையறையில் 33.4. மூன்றாம் மாடிப் படுக்கையறையில் 36.2, அதே வீட்டின் கூடத்தில் 34.6. ராத்திரி 2 மணிக்கு வெளியே 29க்கு இறங்கிவிட்டது, ஆனால் அந்தப் படுக்கையறை 34.5லேயே நிற்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியைக் கூரையின் அடிப்பக்கம் காட்டினேன். மாலை 4 மணியைவிட ராத்திரி 8 மணிக்குத்தான் சூடு அதிகம், கிட்டத்தட்ட 39.5. காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மெதுவாகக் கீழே இறக்குகிறது, அது அறைக்கு வந்து சேரும் நேரமும் வீட்டார் படுக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பேன் செய்வது அந்தக் கூரையை ஒட்டி நிற்கும் காற்றைத் தலையில் இறக்குவதுதான். அக்கா சொன்ன ‘அனல்காத்து’ அப்படியே உண்மை.

கூரை ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும். என் வரைபடத்தில் 5 அங்குலக் காங்கிரீட்டுக்கு மேல் 3 அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை, அதற்கு மேல் வெள்ளை ஓடு. இந்த ஊர்ப் பழைய முறை அது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரப்பலகையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். வேலை நடந்தபோது அந்த ஆட்கள் கிடைக்கவில்லை. மழைக்கு முன் தளத்தை மூட வேண்டும் என்ற அவசரம் வேறு. சாதாரண சிமெண்ட் பூச்சில் வெள்ளை ஓட்டை நேரடியாகப் பதித்துவிடலாமா என்று கட்டுநர் கேட்டார். ‘கூலிங் டைல்ஸ்தானே, சமாளித்துவிடும்’ என்று நினைத்துச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான்.

சரி, அந்த ஓடு சமாளிக்கிறதா? ஒரு நாள் மதியம் 2 மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். வெள்ளை ஓடு வெள்ளையாக இல்லை. தூசியும் மழைக்கறையும் பாசியும் சேர்ந்து, பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. மூன்றடிக்கு மூன்றடி இடத்தை நாரும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் வெப்பமானியைக் காட்டினேன். அழுக்கு ஓட்டில் 55, தேய்த்த இடத்தில் 48. (ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் ஸ்டீல் தொட்டி, அலுமினியத் தகடு போன்றவற்றில் இந்த வெப்பமானி தவறான அளவைக் காட்டும். ஈரத் தரையிலும் அளக்கக் கூடாது, ஆவியாகும் தண்ணீரே குளிர்த்திவிடும்.) சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வரைதான் அந்த ஓட்டுக்கு வேலை. அழுக்கேறினால் அதுவும் ஒரு சாதாரண ஓடுதான். இதை ஆண்டுக்கு இரண்டு முறை தேய்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றடி இடத்தில் தெரிந்த வித்தியாசம் அறைக்குள் போய்ச் சேருமா? அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வீடுகள், ஒன்றை மடித்துப் போட்டால் இன்னொன்று மாதிரி. இரண்டின் படுக்கையறையிலும் கருவி இருந்தது. முதல் வீட்டின் படுக்கையறைக்கு மேலே உள்ள ஓட்டை முழுவதும் தேய்க்க வைத்தேன், இரண்டாவதைத் தொடவில்லை. இங்கே ஒரு தப்பு நடக்க வாய்ப்புண்டு. தேய்ப்பதற்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் ஒப்பிட்டால், நடுவில் ஒரு மழை பெய்தால்கூட ஓடு தேய்த்ததால் குளிர்ந்தது போலத் தெரியும். அதனால் இரண்டு அறைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தேன். தேய்க்கும் முன் ராத்திரி 9 மணிக்கு முதல் அறை இரண்டாவதைவிட 0.3 டிகிரி சூடு. தேய்த்த பிறகு 0.9 டிகிரி குறைவு. ஆக ஓடு சுத்தமாக இருப்பதால் கிடைப்பது சுமார் 1.2 டிகிரி. ஒரு சோப்புக்கும் அரைநாள் கூலிக்கும் நல்ல பலன்தான், ஆனால் அந்த அறையை முதல் மாடி அறைபோல ஆக்க அது போதாது.

ஜன்னல் ஏன் மூடியிருந்தது

மிச்சச் சூட்டுக்கு விடை குறிப்பேட்டில் இருந்தது. பையன் எழுதியதில் படுக்கையறை ஜன்னல் பத்தியில் டிக் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் மூடியே இருந்திருக்கிறது. கூடத்தில் பால்கனிக் கதவு ஒவ்வொரு ராத்திரியும் திறந்திருந்தது, ஏனென்றால் குடிவந்ததும் அவர்கள் வாங்கிய முதல் பொருள் அந்தக் கதவுக்கு ஒரு கொசுவலைக் கதவு. 6 மணிக்குக் கொசு வந்துவிடும், அதற்குள் படுக்கையறை ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் காலைவரை திறப்பதில்லை.

நான் கொடுத்த ஜன்னல் நாலடிக்கு நாலடி, தள்ளித் திறக்கும் வகை. வரைபடத்தில் கொசுவலைக்கு மூன்றாவது தடம் இருந்தது, செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள். வலை இருந்தாலும் தள்ளும் ஜன்னல் பாதிதான் திறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 சதுர அடி அறை, 16 சதுர அடி ஜன்னல், திறப்பது 8. தரையில் 7 விழுக்காடுகூட இல்லை. வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, திருச்சி போன்ற வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் திறக்கும் பரப்பு தரைப்பரப்பில் 16.66 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது. அது வீடு முழுவதற்கும் சேர்த்துப் போடும் கணக்கு, பால்கனிக் கதவும் அதில் வரும். என் வீடுகள் மொத்தக் கணக்கில் எப்படியோ பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஆனால் படுக்கையறை அந்தக் கதவின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. காற்றெல்லாம் கூடத்துக்கு, சூடெல்லாம் படுக்கையறைக்கு.

அக்கா வீட்டில் ஒரு சோதனை செய்தோம். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வலை ஒன்றை ஜன்னலில் ஒட்டி, மூன்று ராத்திரி ஜன்னலைத் திறந்தும் அறைக் கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்தும் விட்டோம். கதவு திறந்திருப்பது முக்கியம், உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். ஜன்னல் மூடிய ராத்திரிகளில் 11 மணிக்கு அந்தப் படுக்கையறை பக்கத்து வீட்டுப் படுக்கையறையைவிட எவ்வளவு கூடக் குறைய இருந்ததோ, அதைவிட இப்போது சுமார் ஒன்றரை டிகிரி இறங்கியது. மூன்று ராத்திரி குறைவுதான், அதனால் இந்த எண்ணை நான் பெரிதாகத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். நான்காம் நாள் காலை அக்கா கூப்பிட்டு, “சின்னவன் உள்ளேயே படுத்துட்டாம்மா” என்று சொன்னது எனக்கு எண்ணைவிடத் தெளிவாக இருந்தது.

மூடிய கதவு

இரண்டாவது கேள்வி வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனது. இரண்டாம் மாடியில் வயதான தம்பதி, மகன் சிங்கப்பூரில். எந்தக் கதவை எப்போதும் மூடியே வைப்பீர்கள் என்றதும் அந்த அம்மா இரண்டாவது குளியலறையைக் காட்டினார். கதவிடுக்கில் துணி திணித்திருந்தது. “சாக்கடை நாத்தம் தாங்கலம்மா. பூரா கட்டடத்துக்கும் செப்டிக் டேங்க் சரியில்ல.” சங்கத்தில் அவர் புகார் சொல்லி, இரண்டு முறை லாரி வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்திருக்கிறார்கள். நாற்றம் போகவில்லை.

கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். தரை வடிகாலின் சல்லடையைத் தூக்கினால் உள்ளே காய்ந்த தூசி. அங்கே எப்போதும் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் குழாயின் வாயு அறைக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான், வேறு மூடி எதுவும் கிடையாது. மகன் வரும்போது மட்டும் பயன்படும் குளியலறை. கோடையில் சில வாரத்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். நாற்றம் வருகிறது என்று கதவைச் சாத்தினார்கள், சாத்தியதால் தண்ணீர் ஊற்றவில்லை, ஊற்றாததால் நாற்றம் போகாமலே இருந்தது. இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டேன். எண்ணெய் மிதந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும். மறுநாள் அந்த அம்மாவே போன் செய்தார். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அங்கேயும் ஒரு குவளை ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

வரைபடத்தில் இதற்கு மாற்று சுலபம். என் படத்தில் கைகழுவும் தொட்டியின் கழிவுக்குழாய் தனியாகச் செங்குத்துக் குழாய்க்குப் போகிறது. அதைத் தரை வடிகாலின் பக்கவாட்டு வழியில் சேர்த்துவிட்டால், யாராவது கை கழுவும்போதெல்லாம் தண்ணீர் தானாக நிரம்பும். ஆனால் கை கழுவவும் யாரும் நுழையாத அறைக்கு இது உதவாது, குவளைத் தண்ணீர்தான் வழி.

காவலாளி அண்ணனிடம் பேசியதையும் சொல்ல வேண்டும். குடியிருப்போர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, ஆனால் கட்டடத்தை அவர்தான் தினமும் இயக்குகிறார். தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிடும் வால்வுக் குழி ஒரு கார் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. நான் போட்ட இடம்தான். அந்தக் கார்க்காரர் வெளியூர் போனால் வால்வைத் திருக வழியில்லை, காவலாளி அண்ணன்தான் தரையில் படுத்துக் காருக்கு அடியில் கையை விட்டுத் திருகுகிறார். தொட்டி வழிந்து தண்ணீர் வீணாகிறது என்று மூன்று வீடுகளில் சொன்ன குறை உண்மையில் இதுதான்.

மொட்டைமாடிக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் மொட்டைமாடிக்கு அழைத்தேன். கேட்டுவிட்டுப் போய்விட்டால் அடுத்த முறை யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். எண்களை ஒரே ஒரு தாளில், ஒரு ராத்திரியின் கோடுகளாக மட்டும் காட்டினேன். ஒரு சார் எழுந்து, “அப்ப கூரையில தப்பு உங்க பக்கம்தானே?” என்று கேட்டார். ஆமாம் சார், சுண்ணாம்புக் கலவையை விட்டுவிடச் சம்மதித்தது நான்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் சூடாகத்தான் போனது. கட்டுநர் பாதிக் கூலி ஏற்றுக்கொண்டு, மாசியிலும் சித்திரையிலும் ஓடு தேய்க்க ஏற்பாடு செய்வதாக ஒப்புக்கொண்டார். மாடி வீடுகளுக்கு ஜன்னல் வலையும் அவர் செலவு. வால்வுக்கு நீளமான திருகுகோலை வெல்டிங் கடையில் செய்து, கார் நிற்காத ஓரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. கூரைக்கு மேல் புதிதாக வெப்பத் தடுப்பு போடுவது சங்கம் தனியாக முடிவெடுக்க வேண்டிய செலவு. அது இன்னும் பேச்சிலேயே இருக்கிறது.

புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் மாறியவை இவை. சுண்ணாம்புக் கலவையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. கணக்குப் போட்டதில் அந்த 3 அங்குலமும் போதாது. கூரை வழியாக வெப்பம் கடத்தும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. செங்கல் ஜல்லி போட்டாலும் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். என்னும் வெப்பத் தடுப்பு நுரைப் பலகையைக் காங்கிரீட்டின் மேல், பூச்சுக்கு அடியில் போட்டால் 0.5 பக்கத்தில் வந்துவிடும். கட்டுநர் தயங்கினார். அந்த ராத்திரிக் கோட்டைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். பலகையை எடுத்துவிட்டு வேறு எதையும் போட என் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று படத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்தச் சம்மதத்தை எந்தச் சூழ்நிலையிலும் கொடுக்கப் போவதில்லை.

ஜன்னல்தான் நெடுநேரம் பிடித்தது. கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் ஏறக்குறைய முழுவதும் திறக்கும், சரி. ஆனால் நம் ஊரில் உள்ளே இரும்புக் கம்பி உண்டு. கம்பிக்கு உள்ளே நிலையாக வலையை அடித்துவிட்டால், கதவைப் பிடித்து இழுத்துச் சாத்தக் கை போகாது. அதனால் வலைக்கு உள்பக்கமாகத் திறக்கும் தனிச் சட்டம், கம்பியில் கைப்பிடிக்கு நேராக ஒரு கை நுழையும் இடைவெளி. இந்த ஜன்னலின் மாதிரி ஒன்றை முழு அளவில் தச்சுப் பட்டறையில் செய்ய வைத்து, அதைப் பார்க்க மூன்றாம் மாடி அக்காவைக் கூட்டிப்போனேன். வலைச் சட்டத்தைத் திறந்தார், கம்பிக்குள் கையை விட்டார், கண்ணாடிக் கதவை இழுத்தார். வளையல் கம்பியில் மாட்டியது.

“இன்னும் ரெண்டு விரக்கடை அகலம் வேணும்மா” என்றார். படத்தில் திருத்திவிட்டேன்.